ஆறு முக ருத்ராட்சம்: விளம்பரத்தில் எதை எழுதலாம்?

"ஆறு முக ருத்ராட்சம், ஒரிஜினல் நேபாளம், பிபி குறையும்னு போட்டேன். லேப் சான்றிதழும் இருக்கு. ஆனாலும் விளம்பரத்தை நீக்கிட்டாங்க. எப்படி எழுதணும்?"

பிபி வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில், "முருகனுக்கு உரியதாகக் கருதி பக்தர்கள் அணிவது மரபு" என்று போடுங்கள். நம்பிக்கையை நம்பிக்கையாகவே சொல்லலாம்.

நீக்கியதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த வரிதான். 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரணச் சட்டம் தாயத்து மாதிரிப் பொருள்கள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அதன் நோய்ப் பட்டியலில் இரத்த அழுத்தமும் உண்டு.

அப்புறம் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். எக்ஸ்ரேயில் உள்ளே ஆறு அறைகள் தெரிந்ததா, ஒட்டோ செதுக்கலோ இல்லை என்று இருக்கிறதா? கோடு செதுக்கி முகம் கூட்டிய மணியில் வெளியே ஆறு கோடு இருக்கும், உள்ளே ஐந்து அறைதான் இருக்கும். சில அறைகளில் விதை இருக்காது, அதனால் அறைகளை எண்ணுங்கள்.

"நேபாளம்" என்று சான்றிதழில் இல்லையென்றால், "விற்றவர் சொன்னபடி நேபாளம்" என்றே எழுதுங்கள். நேபாள மணி பொதுவாகப் பெரிது, ஜாவா மணி சிறிது. ஆனால் அளவை மட்டும் வைத்து ஊரை உறுதி சொல்ல முடியாது.