பங்கிலாபம் கிடைத்தும் பங்கு ஏன் சிவப்பில் நிற்கிறது?

"எக்ஸ்டி திகதிக்கு முதல் நாள் ஒரு கம்பனியின் 1,000 பங்குகளை 100 ரூபாய்ப்படி வாங்கினேன். பங்குக்கு 5 ரூபாய் பங்கிலாபம். அடுத்த நாளே விலை 95.50க்கு இறங்கிவிட்டது. வாங்கச் சொன்னவர் வேறொரு வரைபடத்தைக் காட்டி விலை விழவேயில்லை என்கிறார். எனக்கு நட்டமா இல்லையா? இப்போது விற்கலாமா?" — ஒரு வாசகி, சுன்னாகம்

நட்டம்தான், ஆனால் உங்கள் வரைபடம் காட்டுகிற அளவுக்கு இல்லை. அவர் காட்டிய வரைபடமும் உங்கள் கணக்கைச் சொல்லாது.

முதலில் விலை ஏன் விழுந்தது என்று பார்ப்போம். எக்ஸ்டி திகதிக்கு முன்பு வாங்குகிறவருக்கு அந்த 5 ரூபாயும் சேர்ந்து வருகிறது, எக்ஸ்டி அன்று வாங்குகிறவருக்கு வராது. தேங்காய் பறிக்க முன்பு தோப்பை வாங்குகிறவரும் பறித்த பிறகு வாங்குகிறவரும் ஒரே விலை கொடுக்க மாட்டார்கள்தானே. அந்த 5 ரூபாய்க்கு 15 வீத வரி கழிவதால் உங்களைப் போன்ற ஒருவரின் கைக்கு வருவது 4.25தான். அதனால் வேறு செய்தி எதுவும் இல்லாத நாளில் விலை நாலேகாலுக்கும் ஐந்துக்கும் இடையில் எங்கேயோ இறங்கும், உங்களுடையது 4.50 இறங்கியிருக்கிறது. இதில் யாருடைய சதியும் இல்லை. அன்று முழுச் சந்தையும் ஏறியதா இறங்கியதா என்பதையும் ஒருமுறை பாருங்கள், விலைச் சுட்டெண் ஒரு வீதம் இறங்கிய நாளென்றால் உங்கள் 4.50இல் ஒரு ரூபாய் அளவு பங்கிலாபத்தால் வந்ததே இல்லை.

இனி அந்த இரண்டு வரைபடங்கள். நீங்கள் பார்த்தது சந்தையில் உண்மையாக நடந்த விலை. அதில் 100 இருந்தது, 95.50 ஆனது, சிவப்பாக ஒரு பள்ளம். பங்கிலாபக் காசு அந்த வரைபடத்துக்குள் வருவதேயில்லை, அது சில வாரம் கழித்துத் தனியாக உங்கள் வங்கிக் கணக்குக்குப் போகும். ஆகவே அந்தப் படம் 4,500 ரூபாய் போனதைக் காட்டுகிறது, வரப்போவதைக் காட்டவில்லை.

அவர் காட்டியது பங்கிலாபத்துக்குச் சரிப்படுத்தப்பட்ட வரைபடமாகத்தான் இருக்க வேண்டும். டிரேடிங்வியூவில் கீழே ADJ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் மென்பொருள் எக்ஸ்டிக்கு முந்திய பழைய விலைகளையெல்லாம் பங்கிலாபத்தின் அளவுக்குக் குறைத்து வரைந்துவிடும். நீங்கள் 100 கொடுத்து வாங்கிய நாள் அதில் 95 என்று தெரியும், மறுநாள் 95.50. பள்ளம் மறைந்து ஐம்பது சதம் ஏறியதுபோல் இருக்கும்! நீண்ட கால வருமானத்தை ஒப்பிடுவதற்கு இது நல்ல கருவி, நானும் பாவிக்கிறேன். ஆனால் இதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைபர் குழுவில் போட்டு "பாருங்கள், எக்ஸ்டி அன்றும் விழாத பங்கு" என்று ஆள் பிடிக்கிறவர்களை யாழ்ப்பாணத்தில் நிறையப் பார்த்துவிட்டேன், பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. சோதிப்பது சுலபம். உங்கள் கொள்முதல் பற்றுச்சீட்டில் உள்ள விலையும் அந்த நாளுக்கு வரைபடம் காட்டும் விலையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் அது சரிப்படுத்திய படம்.

சரி, உங்கள் உண்மைக் கணக்கு. கொழும்புச் சந்தையில் சாதாரணக் கொடுக்கல் வாங்கலுக்குத் தரகு, சந்தைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 1.12 வீதம், வாங்கும்போதும் விற்கும்போதும். நீங்கள் வாங்க 100,000 ரூபாயும் கட்டணம் 1,120 ரூபாயும் போயிருக்கிறது. இப்போது 95.50க்கு விற்றால் 95,500 வரும், அதில் கட்டணம் ஏறக்குறைய 1,070 போகும். பங்கிலாபம் 5,000, வரி 750 போக 4,250. எல்லாம் கூட்டினால் கைக்கு வருவது 98,680, கொடுத்தது 101,120. நட்டம் 2,440 ரூபாய். உங்கள் வரைபடம் 4,500 நட்டம் என்றது, அவருடையது 500 இலாபம் என்றது, இரண்டிலும் கட்டணமும் வரியும் இல்லை.

உங்கள் காசு உங்களுக்கே திரும்பி வரவேண்டுமென்றால் விலை 98 ரூபாய் அளவில் நின்றிருக்க வேண்டும். ஐந்து ரூபாய் கழன்ற பங்கு இரண்டு ரூபாய் மட்டும் இறங்குவது அபூர்வம். அதோடு, பங்கிலாபம் பங்கு விலையில் 2.6 வீதத்துக்குக் குறைவென்றால் விலை ஒரு சதமும் இறங்காவிட்டாலும் உங்களுக்கு நட்டம்தான், இரண்டு பக்கக் கட்டணமே வரி போன பங்கிலாபத்தை விழுங்கிவிடும். இப்படி வாங்கி விற்கச் சொல்கிறவர் தரகரென்றால் அவருக்கு மட்டும் இரண்டு முறையும் தரகு நிச்சயம். "அடுத்த மாதம் இன்னொரு கம்பனி இருக்கு" என்று அவர் சொன்னால் அந்தத் தரகை நினைத்துக்கொள்ளுங்கள். பங்கு வாங்கி விற்கும் ஒன்லைன் கணக்கின் கடவுச்சொல்லை "நானே போட்டு விடுகிறேன்" என்று கேட்கிற ஆளுக்குத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

இந்த 15 வீத வரியில் ஒரு விலக்கு இருக்கிறது, கேள்வியோடு வருகிறவர்கள் பலர் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதால் விளக்கமாகச் சொல்கிறேன். பல கம்பனிகளில் பங்கு வைத்திருக்கும் ஒரு தாய்க் கம்பனி, தன் துணைக் கம்பனிகளிடமிருந்து பங்கிலாபம் வாங்கும்போதே அதில் 15 வீதம் கழிந்திருந்தால், அந்தக் காசையே உங்களுக்குப் பங்கிலாபமாகப் பிரிக்கும்போது திரும்பவும் வரி கழிக்கப்படாது. அதனால் சில கம்பனிகளின் 5 ரூபாயில் 3 ரூபாய்க்கு வரி இல்லை, 2 ரூபாய்க்கு மட்டும் உண்டு என்றெல்லாம் வரும். கம்பனியின் பங்கிலாப அறிவித்தலில் எவ்வளவு பகுதிக்கு வரி கழியும் என்று பாருங்கள், அங்கே தெளிவில்லாவிட்டால் பங்கிலாபத்தோடு வரும் பத்திரத்தில் மொத்தமும் கழிவும் தனித்தனியாக இருக்கும். இதை ஏன் சாதாரண ஆளுக்கு விளங்குகிற தமிழில் ஒரு வரியாகப் போட முடியாது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தரகர்களின் திரையில் வாங்கிய விலைக்குப் பக்கத்தில் வரவேண்டிய பங்கிலாபத்தை ஒரு பத்தியாகக் காட்டினாலே பாதிப் பேரின் பயம் தீர்ந்துவிடும், அதையும் செய்கிறார்கள் இல்லை. ஆனாலும் இந்த விலக்கு உங்களைக் காப்பாற்றாது. 5 ரூபாய் முழுக்க வரியில்லாமல் வந்தாலும் 95.50க்கு விற்றால் நட்டம் ஏறக்குறைய 1,690 ரூபாய். வரி இல்லை என்பது மற்றவர்களுக்கும் தெரியுமாகையால் விலையும் அதற்கேற்ப அதிகமாக இறங்கும்.

இப்போது விற்கலாமா என்பதற்கு: பங்கிலாபம் உங்களுடையதாகிவிட்டது, இன்றே விற்றாலும் அது போகாது. வாங்கிய கட்டணமும் போனது போனதுதான். ஆகவே ஒன்றை மட்டும் யோசியுங்கள், கையில் 95,500 காசு இருந்தால் இந்தக் கம்பனியை இன்று வாங்குவீர்களா? அதன் இலாபமும் கடனும் உங்களுக்குத் திருப்தியென்றால் வைத்திருங்கள், விற்கும் கட்டணமாவது மிஞ்சும். கம்பனியின் தொழில் என்னவென்றே தெரியாமல் பங்கிலாபத்துக்காக மட்டும் வாங்கியிருந்தால் விற்றுவிடுங்கள், "100க்குத் திரும்பட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். அந்த 100க்குள் இருந்த 5 ரூபாய் பிரிந்து உங்களுக்குரியதாகிவிட்டது.

அப்புறம், உங்கள் பங்குகள் பதிவாகியிருக்கும் சிடிஎஸ் கணக்கில் உங்கள் வங்கிக் கணக்கு இலக்கம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இந்தக் கிழமையே பாருங்கள். கொடுப்பனவுத் திகதி தாண்டி சில நாளாகியும் காசு வரவில்லையென்றால் அந்த ஆளிடம் கேட்காமல், அறிவித்தலில் இருக்கும் கம்பனியின் பதிவாளர்களுக்கு நேரே தொலைபேசி எடுங்கள்.