குட் மார்னிங்கா, குட் ஈவ்னிங்கா?

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். காலையில் வந்ததும் நியூயார்க் வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்புவேன். அப்போது அங்கே இரவு. குட் மார்னிங் போடுவதா, குட் ஈவ்னிங் போடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதல்முறை எழுதுகிறீர்கள் என்றால் ‘டியர்’ போட்டுப் பெயர். பழகியவர் என்றால் ‘ஹலோ’ அல்லது ‘ஹாய்’ போட்டுப் பெயர். நம் ‘வணக்கம்’ போல இவற்றுக்கும் பொழுது கிடையாது.

அவருடைய நேரத்தைக் கணக்குப் போட்டு எழுதலாமே என்று தோன்றும். ஆனால் அவர் மெயிலை எப்போது திறப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. ஜூலை 14, செவ்வாய் காலை 9:10-க்கு நீங்கள் அனுப்பினால், அவருடைய திரையில் அது திங்கள் இரவு 9:10 என்று காட்டும். குட் ஈவ்னிங் என்று போட்டிருந்தால், மறுநாள் காலை காபியோடு அதைப் படிப்பார். குட் மார்னிங் என்றால் அந்த நேரத்துக்குப் பொருந்திவிடும். அன்று இரவே போனில் பார்த்துவிட்டால் பொருந்தாது. குளிர்காலத்தில் 12 மணி நேர வித்தியாசம் 13 ஆகிவிடுவது வேறு. ‘குட் நைட்’ பக்கமே போகாதீர்கள், அது விடைபெறும்போது சொல்வது. சிலர் பொதுவாக இருக்கட்டும் என்று ‘குட் டே’ போடுவார்கள். அமெரிக்கர் காதுக்கு அது விறைப்பாக ஒலிக்கும், நான் தவிர்ப்பேன்.

குட் மார்னிங் போட்டே ஆகவேண்டும் என்றால், அவருடைய காலையில் போய்ச் சேரும்படி அனுப்பும் நேரத்தைக் குறித்து வையுங்கள். ஜிமெயிலில் இது Schedule send. நேரத்தை உங்கள் ஊர்க் கணக்கில் கொடுக்க வேண்டும்: அவருக்குக் காலை 8:30 என்றால் கோடையில் உங்களுக்கு இரவு 8:30, குளிர்காலத்தில் 9:30. அவர் அப்போதே திறப்பார் என்ற உத்தரவாதம் இதிலும் இல்லை. அவர் காலையில் குட் மார்னிங் என்று எழுதி, நீங்கள் ஐந்து நிமிடத்தில் பதில் போடுகிறீர்களா? அப்போது உங்களுக்கு இரவாக இருந்தாலும் தாராளமாகத் திருப்பிச் சொல்லலாம்.

வாழ்த்தில் தவறினால் ஒரு புன்னகையோடு போய்விடும். உண்மையில் சிக்கல் தருவது உள்ளே வரும் ‘இன்று’, ‘நாளை’தான். மேலே சொன்ன அதே மெயிலில் ‘நாளைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள்’ என்று எழுதினால், நீங்கள் நினைப்பது புதன். திங்கள் இரவே படித்தவருக்கு அது செவ்வாய். செவ்வாய் காலை படித்தவர் புதன் என்று எடுத்துக்கொள்வார். அவருடைய புதன் மாலை உங்களுக்கு வியாழன் காலை. அதனால் ‘ஜூலை 15, புதன், நியூயார்க் நேரம் காலை 10 மணிக்குள்’ என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

அப்புறம், வெள்ளிக்கிழமை மெயிலின் கடைசியில் வார இறுதி வாழ்த்து. உங்கள் வெள்ளி மாலை அவருக்கு வெள்ளி காலை, அதனால் நியூயார்க்குக்குப் பிரச்சினை இல்லை. சவூதிக்கு எழுதும்போது மட்டும் பாருங்கள்: அங்கே விடுமுறை வெள்ளியும் சனியும், உங்கள் மெயிலை ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்துதான் பார்ப்பார்கள்.