வார்மர்ல 40ன்னு காட்டுது, பால் ஏன் சுடுது?

ஆன்லைன்ல 1,900 ரூபாய்க்கு பாட்டில் வார்மர் வாங்கினேன். 40ல செட் பண்ணாலும் பால் கொதிக்கிற மாதிரி வருது. கேட்டா "பேபி பொருள், பாக்ஸ் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது"ங்கறாங்க. குழந்தைக்கு நாலு மாசம்க்கா. — திருப்பூர்

மொதல்ல அந்த மிஷினை ஓரமா வைங்க, அதுல சுட வச்ச எதையும் இப்போதைக்கு குழந்தைக்கு குடுக்காதீங்க. டிஸ்ப்ளேல வர்ற 40 பாலோட சூடு இல்ல. சென்சார் அடில ஹீட்டர் தட்டு பக்கத்துல இருக்கும், அது பாக்கறது சுத்தி இருக்கற தண்ணிய. இதுல ஃபாஸ்ட்னு ஒரு மோடு இருக்கும், அதுல தண்ணி 40ஐ தாண்டி நல்லா சூடாகி அப்புறம்தான் பாலை சூடாக்கும், பீப் அடிச்ச பிறகும் பாட்டிலை அதுக்குள்ளயே விட்டா பால் ஏறிக்கிட்டேதான் போகும். அதனால மிஷின் கெட்டதா மோடு தப்பான்னு மொதல்ல பிரிச்சு பாக்கணும்.

ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்குங்க, குச்சி மாதிரி நீட்டா இருக்குமே, அது. பாட்டில்ல பால் வேண்டாம், ஃப்ரிட்ஜ் தண்ணி 120 மில்லி ஊத்துங்க. சாதா மோடு, 40. பீப் வந்ததும் எடுத்து மெதுவா சுழட்டிட்டு குச்சிய நடுவுல விட்டு பாருங்க. திரும்ப உள்ள வச்சு 20 நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை பாருங்க. 40 பக்கத்துலயே நின்னா மிஷின் நல்லா இருக்கு, நீங்க ஃபாஸ்ட்ல போட்டிருக்கீங்க. ரெண்டாவது தடவை 50ஐ தாண்டிச்சுன்னா தெர்மோஸ்டாட் போச்சு. அப்ப டிஸ்ப்ளேயும் தெர்மாமீட்டரும் ஒரே ஃப்ரேம்ல தெரியற மாதிரி வீடியோ எடுத்து வச்சுக்குங்க.

இனி அவங்ககிட்ட "ரிட்டர்ன்"ங்கற வார்த்தையே பேசாதீங்க. "குறையுள்ள பொருள்"னு எழுதுங்க. பிடிக்கலன்னு திருப்பறதும் பழுதுன்னு திருப்பறதும் வேற வேற. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி குறையுள்ள பொருளை பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலன்னா 30 நாளைக்குள்ள, திரும்ப எடுத்து பணம் தரமாட்டேன்னு சொல்றது நியாயமற்ற வணிக முறை. மெயில் போடுங்க, பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிட்டு புகார் பதிவு பண்ணுங்க. பாவம் நீங்க, நாலு மாச கைக்குழந்தைய வச்சுக்கிட்டு இவங்களோட மல்லுக்கு நிக்கணும்னா கோபம் வரத்தான் செய்யும்.

மைக்ரோவேவ்ல 15 செகண்ட் வச்சா போதுமே, எதுக்கு தனியா மிஷின்? — சென்னை

மிஷினும் வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம். மைக்ரோவேவ்ல பால் ஒரே சீரா சூடாகாது, ஒரு இடத்துல கொதிக்கும் ஒரு இடத்துல ஜில்லுனு இருக்கும், பாட்டில் வெளிப்பக்கம் தொட்டா சும்மா வெதுவெதுன்னுதான் தெரியும். அதை நம்பி குடுத்தா வாயும் தொண்டையும் வெந்துரும். ஒரு சொம்புல கை பொறுக்கற சூட்டுல வெந்நீர் எடுத்து, அடுப்பை அணைச்சிட்டு, பாட்டிலை பால் மட்டம் வரைக்கும் நிக்க வைங்க. மூடி தண்ணிக்கு மேல இருக்கணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பால்னா சில நிமிஷம் ஆகும், தண்ணி ஆறிப்போனா மாத்துங்க.

எவ்வளவு சூடுன்னு எப்படி பாக்கறது? விரலை விட்டு பாக்கறேன். — மதுரை

தினமும் தோசைக்கல்லு தொடற விரலுக்கு சூடே தெரியாது, அதுவும் பாலுக்குள்ள விரலை விட்டா கிருமி வேற. மூடிய போட்டு பாட்டிலை பத்து தடவை மெல்ல சுழட்டுங்க (இதுதான் நெறய பேர் விடற ஸ்டெப்), அப்புறம் மணிக்கட்டு உள்பக்கம், நாடி பாக்கற இடத்துல ரெண்டு சொட்டு விடுங்க. சூடாவும் தெரியக்கூடாது ஜில்லுனும் தெரியக்கூடாது, விழுந்ததே தெரியாத மாதிரி இருந்தா உடம்பு சூடு, அதாவது 37 பக்கம், அதுதான் சரி. சுள்ளுனு இருந்தா மூடியோட குழாய்த் தண்ணில காட்டி ஆற வச்சு, திரும்ப சுழட்டி, திரும்ப சொட்டு. தாய்ப்பாலா இருந்தா இன்னும் கவனம், சூடு ஏற ஏற அதுல இருக்கற நல்ல சத்து சிலது கெட்டுப்போகும்.

எங்க மாமியார் நிப்பிளை வாயில வச்சு சூடு பாத்துட்டு குடுக்கறாங்க. — கோவை

மணிக்கட்டை காட்டி குடுங்க, வாயை மூட சொல்லுங்க.

வார்மர்ல "24 மணி நேரம் கீப் வார்ம்"னு போட்டிருந்தது, அதுக்காகவே வாங்கினோம். ராத்திரி 10 மணிக்கு பவுடர் பால் கலக்கி வச்சா 3 மணிக்கு ரெடியா இருக்கும்ல? — சேலம்

பாக்ஸ்ல இந்த வரிய பாத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். 40 டிகிரில பாலை மணிக்கணக்கா வைக்கறதும், தயிருக்கு உறை ஊத்தி வெதுவெதுப்பான இடத்துல வைக்கறதும் ஒண்ணுதான், கிருமி பெருக இதைவிட நல்ல இடம் கிடையாது. இதை போய் வசதின்னு விக்கறான், நாமளும் 500 ரூபாய் கூட குடுத்து வாங்கறோம். கலக்கின பவுடர் பால் வெளியில ரெண்டு மணி நேரம்தான், குழந்தை வாய் வச்சுட்டா ஒரு மணி நேரம், மிச்சத்தை கொட்டிரணும், திரும்ப சூடு பண்ற பேச்சே இல்ல. முன்னாடியே கலக்கணும்னா உடனே ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க, 24 மணி நேரத்துக்குள்ள எடுத்து, குடுக்கறப்ப மட்டும் சூடு பண்ணுங்க.

இதுல இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல. பவுடர் பால் டப்பா சீலோட இருந்தாலும் கிருமியே இல்லாத பொருள் கிடையாது. அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் 70 டிகிரிக்கு குறையாத தண்ணில கலக்க சொல்லுது, அந்த சூட்டுலதான் பவுடர்ல இருக்கற கிருமி சாகும். வார்மர்ல 40ல இருக்கற தண்ணில கலக்கினா அது சாகாது, நல்லா வளரும். தண்ணிய கொதிக்க வச்சு இறக்கி அரை மணி நேரத்துக்குள்ள கலக்குங்க, பாட்டிலை குழாய்த் தண்ணில காட்டி ஆற வைங்க, மணிக்கட்டுல சொட்டு, அப்புறம் குடுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தை, குறை மாசத்துல பொறந்த குழந்தைக்கெல்லாம் இதை கட்டாயம் பாருங்க.

டபுள் வால் ஸ்டீல் பாட்டில் வாங்கினோம், வார்மர்ல அரை மணி நேரம் வச்சும் சூடாகல. மிஷின் போலியா? — திருச்சி

சூடு உள்ள போகக்கூடாது வெளிய வரக்கூடாதுன்னுதானே அதுக்கு ரெண்டு சுவர் வச்சிருக்கான்! வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். பாலை வேற பாட்டில்ல சூடு பண்ணி அதுல ஊத்துங்க. அடுத்த தடவை பாட்டில் வாங்கறப்ப ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க, ஃபீடிங் பாட்டிலுக்கு அது சட்டப்படி கட்டாயம்.

கார்ல போறப்ப சூடு பண்ண யூஎஸ்பி வார்மர் உறை வாங்கலாமா? — புதுச்சேரி

நான் வாங்கி ஏமாந்தேன், 850 ரூபாய். சென்னையில கிளம்பி திண்டிவனம் வர்ற வரைக்கும் மாட்டி வச்சேன், துணி தொட்ட பக்கம் மட்டும் லேசா சூடு, நடுவுல பால் ஜில்லுனே இருந்தது. டோல்கேட்ல பொண்ணு அழுது ஊரை கூட்டிட்டா, வேற வழியில்லாம அப்படியே குடுத்தேன். மடமடன்னு குடிச்சிட்டு தூங்கிட்டா. அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டா, "சூடு பண்றது பழக்கத்துக்குத்தாம்மா, நல்லா இருக்கற குழந்தைக்கு ஜில்லுனு குடுத்தாலும் ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. அந்த உறைய இப்ப எங்க வீட்டு பூனை மெத்தையா வச்சிருக்கு.