பொடிக்கு வறுப்பது: கேட்டதும் சொன்னதும்

அக்கா, சாம்பார் பொடி கசக்கிறது. சிம்மில் வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் வறுத்தேன்.

சிம் சரி, ஒன்றாகப் போட்டதுதான் வினை. கடலைப்பருப்பு உள்வரை வறுபட ஆறேழு நிமிடம் கேட்கும். வெந்தயத்துக்கு இரண்டு நிமிடமே அதிகம். பருப்பு சிவக்கட்டும் என்று நீங்கள் காத்திருந்தபோது வெந்தயம் கருகிவிட்டது. ஒரு டீஸ்பூன் கருகினால் போதும், கால் கிலோ பொடியும் கசக்கும்.

நான் அடிகனமான இரும்பு வாணலியில் முதலில் கடலைப்பருப்பைப் போடுவேன். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. தீ கூடினால் மேலே சிவந்து உள்ளே பச்சையாகவே நிற்கும். ஒன்றை எடுத்து ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். மொறுக்கென்று உடைய வேண்டும், பல்லில் மாவாக ஒட்டக் கூடாது. அடுத்து மல்லி: கிளறும்போது கை லேசாகும், சலசலவென்று சத்தம் மாறும், மணம் எழும்பும். வெந்தயத்தைத் தனியாக, பொன்னிறம் தாண்டுமுன் எடுத்துவிடுங்கள். சீரகத்துக்கு அடுப்பை அணைத்த பிறகு இருக்கும் சூடே போதும்.

எதை வறுத்தாலும் உடனே தட்டில் கொட்டுங்கள். இரும்பு, அணைத்த பிறகும் வறுத்துக்கொண்டே இருக்கும்.

மல்லிக்கு சரியாக எத்தனை நிமிடம்?

வாணலியும் அளவும் தெரியாமல் எப்படிச் சொல்ல? மூக்கைக் கேளுங்கள்.

எங்கள் அம்மா வெயிலில் காயவைத்து மில்லில் கொடுப்பார். வறுக்க அவசியமே இல்லை.

பாதி சரி. காயவைத்தால் ஈரம் போய் நன்றாக அரைபடும், ஆனால் வறுத்த மணம் வராது. அந்தப் பொடியைப் போட்டால் பச்சை வாசனை போகக் குழம்பு கூடுதலாகக் கொதிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

யாழ்ப்பாணத்தில நாங்கள் மல்லியைக் கடும் மண்ணிறமாகும் வரைக்கும் வறுக்கிறனாங்கள். அதைக் கருக்கினது எண்டு சொல்லுவியளோ?

மாட்டேன். உங்கள் கறித்தூளின் நிறமும் குணமும் அந்த வறுப்பில்தானே இருக்கிறது! என் அளவு சாம்பார் பொடிக்கு.

அப்படியென்றால் கருகலுக்கு எல்லையே இல்லையா? எங்கள் அம்மா பார்த்தால் கொட்டிவிடுவார். (மில்லில் கொடுப்பதைச் சொன்னவர் மீண்டும்)

மண்ணிறம் வேறு, கரி வேறு. இரண்டு மல்லியை நசுக்கி மோந்து பாருங்கள், புகை நாற்றம் வந்தால்தான் கரி. நடுவில் எங்கே நிறுத்துவது என்பது வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் அம்மாவோடு நான் சண்டைக்கு வரவில்லை.

நான் வறுத்ததும் அரைத்தேன், பொடி கட்டி கட்டியாக இருக்கிறது.

சூட்டோடு அரைத்தால் ஆவி ஜாருக்குள்ளேயே தங்கி ஈரமாகிவிடும். தட்டில் பரப்பி, கைக்குச் சூடு தெரியாத வரை ஆறவிட்டு அரையுங்கள்.

மல்லிக்கு எத்தனை நிமிடம் அக்கா?

மேலே பாருங்கள்.

மிளகாய் வறுத்தால் வீடே இருமுகிறது.

தீ அதிகம். தணித்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு வறுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆனாலும் நெடி முழுவதும் போகாது.