பாதிப் பாதி என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். இப்போது மாற்ற முடியுமா?

கேள்வி: நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டை உருவாக்குகிறோம். நிரல் எழுதுவது என் வேலை. படங்களும் இசையும் அவன் வேலை. தொடங்கிய நாளில், "வருவதில் பாதிப் பாதி" என்று நான்தான் வாட்ஸ்அப்பில் எழுதினேன். இப்போது நான் வேலையை விட்டுவிட்டு வாரம் 25 மணி நேரம் உழைக்கிறேன். அவனால் அலுவலகம் முடிந்த பிறகு 10 மணி நேரம்தான் தர முடிகிறது. எனக்கு 60, அவனுக்கு 40 என்று கேட்டு மின்னஞ்சல் எழுத நினைக்கிறேன். நட்பும் கெடக் கூடாது, சட்டப்படியும் நிற்க வேண்டும். எப்படி எழுதுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கசப்பான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை நண்பர் ஏற்றுக்கொண்டு வேலையையும் தொடங்கியிருந்தால், அதை ஒப்பந்தம் என்று அவர் வாதிட இடம் இருக்கிறது. அந்த வரியே இல்லாவிட்டாலும் உங்கள் நிலைமை பெரிதாக மேம்படாது. லாபத்தைப் பகிர்ந்துகொள்வதாக உடன்பட்டு இருவர் தொழில் நடத்தினால், எங்கும் பதிவு செய்யாமலேயே அது கூட்டாண்மை ஆகிவிடலாம். வேறு உடன்பாடு இல்லாத கூட்டாண்மையில் லாபம் சமபங்கு என்றுதான் பிரிட்டனின் 1890-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவின் 1932-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கின்றன. யார் எத்தனை மணி நேரம் கண்விழித்தார் என்று அவை கேட்பதில்லை. ஆகவே 60-க்கு 40 என்று நீங்கள் அறிவிக்க முடியாது, கேட்கத்தான் முடியும்.

கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் உங்கள் பங்கு 71 வரை போகும். ஆனால் அந்தக் கணக்கை மின்னஞ்சலில் எழுதிவிடாதீர்கள். வேலையை விட்டது உங்கள் முடிவு. அதற்கு அவர் கடன்பட்டவர் அல்ல. விற்பனைப் பக்கத்தில் வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அவர் வரைந்த படத்தைத்தான். 60-க்கு 40 எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனால் இத்தகைய கூட்டுகளில் சண்டை மூள்வது பெரும்பாலும் விகிதத்தால் அல்ல. எதில் 40 விழுக்காடு என்று எழுதாமல் விடுவதால்தான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விற்பனை 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுத்த பணமும் விற்பனை வரியும் 1,000 போனால் மிச்சம் 9,000. ஸ்டீம் போன்ற இணைய விளையாட்டுக் கடை அதில் 30 விழுக்காடு, அதாவது 2,700 எடுத்துக்கொள்ளும்; கைக்கு வருவது 6,300. எழுத்துருவுக்கும் ஒலித் துணுக்குகளுக்கும் நீங்கள் கைக்காசு 500 செலவழித்திருக்கிறீர்கள். அதைக் கழித்துப் பிரித்தால் 5,800-இல் உங்களுக்கு 3,480, அவருக்கு 2,320. இப்போது "வருமானத்தில் 40 விழுக்காடு" என்று மட்டும் எழுதியிருந்ததாக வையுங்கள். வருமானம் என்றால் மொத்த விற்பனை என்று அவர் படித்தால் 4,000 கேட்பார். கைக்கு வந்த 6,300-இல் அதைக் கொடுத்து, உங்கள் 500-ஐயும் கழித்தால், 60 பங்குக்காரரான உங்களுக்கு மிஞ்சுவது 1,800. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. சொல் அப்படிப் படிக்க இடம் கொடுத்துவிட்டது.

இரண்டாவது, ஒருவர் பாதியில் விலகினால் என்ன ஆகும் என்பது. நண்பர்கள் இதைப் பேசவே கூசுவார்கள். பங்கை முதல் நாளே முழுதாகக் கொடுக்காமல் கட்டம் கட்டமாக ஈட்டும்படி வைப்பதுதான் வழி. நான்கு கட்டங்கள் போதும். விளையாடிப் பார்க்கக்கூடிய முதல் மாதிரிக்கு 15 விழுக்காடு, விளையாட்டின் ஒரு நிலையை முழுமையாக மெருகேற்றுவதற்கு 20, எல்லா நிலைகளும் முடிவதற்கு 40, வெளியீட்டுக்கும் அதன் பிறகு ஆறு மாதத் திருத்தங்களுக்கும் சேர்த்து 25. இரண்டாம் கட்டம் முடிந்ததும் நண்பருக்கு அலுவலகத்தில் வேலை கூடி, அவர் விலகுகிறார் என்று வைப்போம். 40 பங்கில் 35 விழுக்காட்டை, அதாவது 14 பங்கை அவர் ஈட்டிவிட்டார். விளையாட்டு விற்பனையில் இருக்கும் காலம் முழுவதும் அது அவருடையது. மீதி 26 பங்கு புதிதாக வரும் ஓவியருக்குக் கொடுக்கக் கையில் இருக்கும். இது இல்லையென்றால் முழு 40-ஐயும் சுமந்துகொண்டு, உங்கள் 60-இலிருந்துதான் புதியவருக்குக் கொடுக்க வேண்டிவரும். இதே விதி உங்களுக்கும் பொருந்த வேண்டும். ஒருவரை மட்டும் கட்டினால் அது நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலாக இருக்காது, வேலையாளுக்கு எழுதும் உத்தரவாகிவிடும்.

இனி மின்னஞ்சல். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அன்புள்ள நண்பா, நேற்று தொலைபேசியில் பேசியதை மறந்துவிடாமல் இருக்க எழுதி வைக்கிறேன். தொடக்கத்தில் பாதிப் பாதி என்று சொன்னது நான்தான். அப்போது இருவரும் ஒரே அளவு நேரம் தருவோம் என்று நினைத்தேன். இப்போது நிலைமை மாறியிருப்பதால் எனக்கு 60, உனக்கு 40 என்று மாற்றலாமா என்று கேட்கிறேன். நீ சம்மதிக்கும்வரை பழைய பேச்சுதான் நிற்கும்.

இந்தப் பங்கு எதில் என்றால், கடை தன் பங்கையும் பிடித்தம் செய்யும் வரியையும் கழித்துவிட்டு நம் வங்கிக் கணக்கில் போடும் தொகையில். அதிலிருந்து முதலில், இருவரும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்ட செலவைச் செலவழித்தவர் எடுத்துக்கொள்வார். மீதியைப் பிரிப்போம். கடைக் கணக்கு என் பெயரில் இருப்பதால், பணம் வந்த 15 நாட்களுக்குள் கடையின் மாத அறிக்கையோடு உன் பங்கை அனுப்புவேன். அறிக்கைகளை நீயே எப்போதும் பார்க்கும்படி உனக்கும் அந்தக் கணக்கில் அனுமதி தருகிறேன். அவரவர் பங்குக்கான வருமான வரி அவரவர் பொறுப்பு.

உன் பொறுப்பு: 8 பாத்திரங்கள், 12 பின்னணிகள், பட்டியல் திரைகள், 5 இசைத் துண்டுகள். என் பொறுப்பு: விளையாட்டின் நிரல் முழுவதும், சேமிப்பு வசதி, பிழைத் திருத்தம். இரண்டிலும் சேராத வேலைகளில், விற்பனைப் பக்கமும் வாங்கியவர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவதும் எனக்கு. முன்னோட்டக் காணொளி உனக்கு. படங்களில் உன் முடிவே முடிவு, நிரலில் என் முடிவு. விலை, வெளியிடும் நாள், வெளியீட்டாளரோடு ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு இருவரின் சம்மதமும் வேண்டும். திட்டத்தின் பெயரில் ஒருவர் மட்டும் கடன் வாங்கவோ கையெழுத்திடவோ கூடாது.

பங்கை இருவருமே நான்கு கட்டங்களில் ஈட்டுவோம்: 15, 20, 40, 25 விழுக்காடு. யாராவது விலகினால் அதுவரை ஈட்டியது அவருக்கே. 30 நாட்கள் வேலையும் இல்லை, பதிலும் இல்லை என்றால் விலகியதாகக் கொள்வோம். உடல்நலக் குறைவோ குடும்பக் காரணமோ இருந்தால் ஒரு வரி எழுதினால் போதும், காத்திருப்போம்.

எது பிடிக்கவில்லையோ அதை மாற்றி எழுதி அனுப்பு. எல்லாம் சரி என்றால் 'படித்தேன், சம்மதம்' என்று இதற்கே பதில் எழுது."

பொறுப்புகளில் எண்கள் எதற்கு என்று தோன்றலாம். "படங்கள் உன் வேலை" என்று எழுதினால், எத்தனை பின்னணிகளோடு மூன்றாம் கட்டம் முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டம் முடியாவிட்டால் பங்கும் சேராது. எண் மாறலாம், மாறும்போது இன்னொரு மின்னஞ்சல் போதும். யாருக்கும் சேராத வேலைகளையும் கவனியுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரம் "காணொளி யார் செய்வது?" என்று தொடங்கி "எல்லாவற்றையும் நான்தான் செய்தேன்" என்று முடியும் சண்டை இவற்றில்தான் பிறக்கிறது.

மின்னஞ்சலில் நான் வேண்டுமென்றே விட்ட ஒன்று இருக்கிறது: படைப்பின் உரிமை. பணத்தைப் பங்கிடுவது வேறு, உரிமையை மாற்றுவது வேறு. வரைந்தவருக்கே படத்தின் பதிப்புரிமை, எழுதியவருக்கே நிரலின் பதிப்புரிமை. நண்பர் மனம் கசந்துபோய், "என் படங்களைப் பயன்படுத்த அனுமதி இல்லை" என்று கடைக்கு எழுதினால், விற்பனைப் பக்கம் கீழே இறங்கக்கூடும். உங்கள் 60 பங்கு அப்போது வெறும் தாள்தான். சம்மதம் என்ற பதில் மின்னஞ்சல் பணப் பங்கீட்டுக்குப் பெரும்பாலும் போதுமான சான்று. உரிமைக்கு அதை நம்பாதீர்கள். பல நாடுகளின் சட்டங்கள் உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்திட்ட எழுத்தைக் கேட்கின்றன.

உரிமையைப் பிடுங்கவும் வேண்டாம். அவரவர் படைப்பு அவரவருடையதாகவே இருக்கட்டும். இந்த விளையாட்டிலும் அதன் விளம்பரத்திலும் பயன்படுத்த, பங்கு ஒழுங்காகக் கொடுக்கப்பட்டுவரும் காலம் முழுவதும் திரும்பப் பெற முடியாத அனுமதி என்று ஒரு பக்கத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். உலகம் முழுவதற்கும் என்றும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும் என்றும் அதில் சொல்லியே ஆக வேண்டும். இந்தியச் சட்டத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். நன்றாக விற்கும் ஒரு விளையாட்டுக்கு ஆறாம் ஆண்டு வந்துவிடும். இரண்டாம் பாகம் எடுக்க இருவரின் சம்மதமும் வேண்டும் என்பதையும் இந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.

அனுப்பும் முறையில் ஒன்றே ஒன்று. மின்னஞ்சலில்தான் முதன்முதலாக 60-ஐ அவர் பார்க்கிறார் என்றால், என்ன எழுதியும் பயனில்லை. தொலைபேசியில் சொல்லுங்கள், அவர் முணுமுணுப்பதைக் கேளுங்கள், 55-க்கு 45 என்று இறங்கவும் தயாராக இருங்கள். அதன் பிறகு எழுதுங்கள். பழைய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். அவருடைய கைப்பேசியிலும் அது இருக்கிறது. அழித்தது தெரிந்தால், நாளை நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். விளையாட்டைக் கடையில் ஏற்றும் நாளுக்கு முன் அந்த ஒரு பக்கத் தாளில் இரண்டு கையெழுத்துகளும் இருக்கட்டும்.