வளர்ந்த மகனுக்காக ஒரு பாதுகாவல் மனு

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளை. கணவர் இறப்பதற்கு முன் இரண்டு ஏக்கர் வயலை அவன் பெயருக்கு உறுதி முடித்துவிட்டார். வங்கியிலும் அவன் பெயரில் 6 இலட்சம் ரூபா இருக்கிறது. நான் தாய் என்று சொன்னாலும் வங்கியில் நீதிமன்றக் கட்டளை கேட்கிறார்கள். வைத்தியரிடம் எப்படிப்பட்ட கடிதம் வாங்க வேண்டும்? என் மூத்த மகள் சம்மதிக்க வேண்டுமா?
– ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: அம்மா, 18 வயது நிறைந்ததும் பிள்ளையின் சொத்தில் தாய் தந்தையின் அதிகாரம் முடிந்துவிடுகிறது, ஆகவே வங்கி கேட்பது முறையானதே. மகன் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 556ஆம் பிரிவின் கீழ், சத்தியக்கடதாசியுடன் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பழைய சட்டம் உங்கள் பிள்ளையைச் 'சித்தசுவாதீனமற்றவர்' என்றே அழைக்கும். அந்தச் சொல் மனதைச் சுடும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மனுவின் பந்திகளில், இது இடையில் வந்த மனநோய் அல்ல, பிறவியிலேயே உள்ள குறைபாடு என்று உங்கள் சொற்களிலேயே எழுதும்படி சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

மனுவின் உயிர் மருத்துவ அறிக்கையில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் முல்லைத்தீவுப் பக்கத்து இளைஞர் ஒருவருக்காக நான் தோன்றியபோது, குடும்பத்தினர் கொண்டுவந்த கடிதத்தில் 'மூளை வளர்ச்சி குறைந்தவர், எதையும் செய்ய இயலாதவர்' என்ற ஒரே வரிதான் இருந்தது. விசாரணையன்று நீதிபதி அந்த இளைஞரிடம் ஒரு நூறு ரூபாத் தாளையும் ஓர் ஐந்நூறு ரூபாத் தாளையும் காட்டி, எது பெரியது என்று கேட்டார். அவர் சரியானதைத் தொட்டுக் காட்டினார். ஐந்நூறைக் கொடுத்து நூற்றிருபதுக்குச் சாமான் வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்றபோது தாயின் முகத்தைப் பார்த்தார். எதையும் செய்ய இயலாதவர் என்ற வரி அந்த இடத்திலேயே பொய்த்துப்போனது. புதிய அறிக்கை கேட்டுத் தவணை போடப்பட்டது.

ஆகவே உளநல வைத்திய நிபுணரிடம் மகனை நேரில் அழைத்துச் செல்லுங்கள். சிறு வயதிலிருந்து வைத்திருக்கும் கிளினிக் கொப்பிகளையும், பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில் படித்திருந்தால் அந்தப் பதிவுகளையும் கொண்டுபோங்கள். குறைபாடு எப்போதிருந்து உள்ளது என்பதற்கு அவையே சாட்சி. அறிக்கையில், பரிசோதித்த நாள், குறைபாட்டின் தன்மையும் அளவும், அது மாறக்கூடியதா என்பது, உறுதி, குத்தகை, வங்கிக் கணக்கு ஆகியவற்றை விளக்கிச் சொன்னால் அவருக்குப் புரியுமா என்பது எல்லாம் இருக்க வேண்டும். தானாகக் குளிப்பது, கடைக்குப் போய்ச் சொன்ன சாமானை வாங்கி வருவது, யாருடன் இருக்க விருப்பம் என்று சொல்வது போன்ற அவரால் முடிந்த காரியங்களும் அதே அறிக்கையில் வரட்டும். உங்கள் கோரிக்கை மகனால் இயலாதவற்றின் அளவுக்கே நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சொத்துக்கு முகாமையாளரை நியமிப்பதும் ஆளுக்குப் பாதுகாவலரை நியமிப்பதும் வேறு வேறு. வயலும் வைப்பும்தான் சிக்கல் என்றால் முன்னையதையே முதன்மையாகக் கேளுங்கள். எங்கே வாழ்வது, யாருடன் பழகுவது என்பவற்றையும் கட்டளைக்குள் கொண்டுவர வேண்டாம்.

மகளின் சம்மதம் சட்டப்படி கட்டாயமல்ல. ஆனாலும் அவரை எதிர்மனுதாரராகச் சேர்த்து அறிவித்தல் போக வையுங்கள். மறைத்துப் பெற்ற கட்டளை என்று பிறகு எவரும் வழக்காடும் நிலை வரக்கூடாது. மகனுக்கும் அறிவித்தல் போக வேண்டும். அவரை நீதிபதி நேரில் பார்க்கவும் அழைக்கலாம்.

கட்டளை கிடைத்தாலும் வயல் உங்களுடையதாகிவிடாது. விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ நீதிமன்றத்தின் தனி அனுமதி வேண்டும். மகனின் சொத்துப் பட்டியலையும் ஆண்டுக் கணக்கையும் நீங்கள் ஒப்படைக்க வேண்டிவரும். ஆகவே குத்தகைப் பணம் முதல் நாளிலிருந்தே மகனின் கணக்குக்கே போகட்டும். உடுப்பு, மருந்து, வைத்தியச் செலவு ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டை ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள். இந்தக் கட்டுப்பாடுகளைச் சுமையாக நினைக்காதீர்கள். நாளை உங்கள் இடத்துக்கு வேறொருவர் நியமிக்கப்பட்டாலும் மகனைக் காப்பவை இவைதான்.

சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால், உறுதியின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றுடன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் விசாரியுங்கள். விசாரணைக்கு முன் ஒரு நாள் மகனை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்று, அந்த மண்டபத்தையும் தான் உட்காரப்போகும் வாங்கையும் பார்க்க விடுங்கள். அன்று கறுப்பு அங்கி போட்ட ஆட்கள் இருப்பார்கள் என்றும், அம்மா பக்கத்திலேயே இருப்பேன் என்றும் சொல்லி வையுங்கள்.