கவர் லெட்டரில் என்ன எழுதுவது? நீலகிரிப் பட்டதாரிகளின் கேள்விகள்

கோத்தகிரி, பி.காம்: அக்கா, டீ ஃபேக்டரி ஆபீஸ் வேலைக்கு "கடின உழைப்பாளி, பொறுப்பானவன், கணக்கில் ஆர்வம் உண்டு"ன்னு எழுதினேன். பதிலே வரலை. லீவுல மாமாவோட இலை ஏஜென்சியில பச்சைத் தேயிலை கணக்கு எழுதினதைத் தவிர அனுபவம் இல்லை.

அந்த மூன்றையும் உங்கள் வகுப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், படிப்பவர் எதையும் சரிபார்க்க முடியாது. மாமாவின் கணக்கைத்தான் எழுத வேண்டும். எத்தனை பேர் இலை போட்டார்கள்? முன்பு எங்கே சிக்கல் வந்தது? நீங்கள் செய்த பிறகு என்ன மாறியது?

கோத்தகிரி: 42 விவசாயிங்க. எடைச் சீட்டு காணாமப் போகும், மழை நாள்ல ஈரத்துக்குக் கழிக்கிறதுல சண்டை வரும். எடை, ஈரக் கழிவு, முன்பணம் எல்லாத்தையும் எக்செல்ல தனித்தனியா போட்டேன். மாசக் கணக்கு 3 நாள் ஆனது, இப்போ ஒரே நாள்.

இதை அப்படியே எழுதுங்கள்: "மாமாவின் இலை ஏஜென்சியில் 42 விவசாயிகளின் தினசரி எடை, ஈரக் கழிவு, முன்பணம் ஆகியவற்றை எக்செல்லில் தனித்தனி நெடுவரிசைகளில் பதிந்தேன். 3 நாள் எடுத்த மாதக் கணக்கு 1 நாளில் முடிந்தது." ஃபேக்டரி கணக்காளருக்கு ஈரக் கழிவுச் சண்டை நன்றாகத் தெரியும். அந்த வரியில் நின்று, "எப்படிக் கழித்தீர்கள்?" என்று நேர்காணலில் கேட்பார். உங்களிடம் பதில் இருக்கிறது. பிறகு "பொறுப்பானவன்" என்ற சொல் தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

குன்னூர், பி.பி.ஏ: எண் போட்டாப் போதும்தானே? நான் "விற்பனையை 40 சதவீதம் உயர்த்தினேன்"னு போட்டிருக்கேன். மலர் கண்காட்சி சமயத்துல சாக்லேட் கடையில நின்னேன்.

எண் வேண்டும் என்பது சரி. ஆனால் எதிலிருந்து எதுவரை 40? மே மாதம் ஊட்டியில் கூட்டம் தானாகவே ஏறும், அந்த உயர்வை உங்கள் கணக்கில் சேர்த்தால் கடைக்காரரே ஒப்புக்கொள்ள மாட்டார். உங்கள் கையால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: ஒரு நாளில் சுமார் எத்தனை பில் போட்டீர்கள், இரவில் கல்லாப்பணம் பில்லோடு ஒத்துப்போனதா, தமிழ் தெரியாதவர்களிடம் எந்த மொழியில் பேசினீர்கள். சரியான எண்ணிக்கை நினைவில்லை என்றால் "சுமார்" போடலாம், தவறில்லை.

கூடலூர், பி.எஸ்சி தாவரவியல்: மேடம், சாதனைன்னா பரிசுதானே? எனக்குப் பரிசே கிடைச்சதில்லை. பிராஜெக்ட்டும் நாலு பேர் சேர்ந்து செஞ்சது.

பரிசைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. நீங்கள் செய்த வேலையும் அதனால் வந்த பலனும் போதும். குழு வேலையில் "நாங்கள்" என்று மட்டும் எழுதினால் உங்கள் பங்கு மறைந்துவிடும். "நால்வர் குழுவில் உண்ணிச்செடி பரவலைக் கணக்கெடுத்தோம், கட்டங்கள் அளந்ததும் அட்டவணை தயாரித்ததும் என் வேலை" என்று பிரித்து எழுதுங்கள். எத்தனை கட்டங்கள், ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் என்பது உங்கள் ரெக்கார்டு நோட்டிலேயே இருக்கும்.

கூடலூர்: பாட்டியைப் பார்த்துக்க ஒரு வருஷம் வீட்டுல இருந்தேன். அதையும் எழுதணுமா?

இதில் ஆளெடுப்பவர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. கடிதத்திலேயே சொல்லட்டும் என்பவர்களும் உண்டு, நேரில் கேட்டால் போதும் என்பவர்களும் உண்டு. எழுதுவதானால் ஒரே வரி, கடைசிப் பத்தியில். முதல் பத்தி கணக்கெடுப்புக்கே இருக்கட்டும்.